கறுப்பின் மேல் பார்த்த தண்ணீர்

அரசுப் படப்பிரிவில் இருந்து ஓய்வு பெற்றபின் பெங்களூரு தொம்மலூரில் ஒரு சின்ன அனிமேஷன் ஸ்டுடியோவில் சேர்ந்தேன். வெளியே போகும் ஒவ்வொரு ஃபைலையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. சேர்ந்த வாரத்திலேயே நான்கு பக்கத்தில் ஒரு விதிமுறைத் தாள் எழுதிக் கொடுத்தேன். ஃபைல் பெயரில் எங்கே அடிக்கோடு வரவேண்டும் என்பது வரை அதில் இருந்தது. யாரும் கேட்கவில்லை. கேட்காததைச் செய்துதான் எனக்குப் பழக்கம்.

மழை வெள்ள எச்சரிக்கைப் படம் ஒன்று வந்தது. நிஜத் தெருவை வேறொரு நிறுவனம் படம் பிடித்திருந்தது. அதன்மேல் முழங்கால் அளவு தண்ணீர் ஏறுவதை நாங்கள் வரைந்து கொடுக்கவேண்டும், பின்னணி இல்லாமல். எம்பி4 ஆக ஏற்றுமதி செய்தால் பின்னணி கறுப்பாக நின்றுவிடும். அதனால் புரோரெஸ் 4444 என்ற வீடியோ வடிவத்தில், ஆல்ஃபாவுடன். ஒவ்வொரு புள்ளிக்கும் நிறத்தோடு கூட, அது எவ்வளவு ஒளிபுகும் என்ற கணக்கும் ஆல்ஃபாவாக உடன் போகும். இதெல்லாம் தாளில் இருந்தது.

அதை வரைந்தவர் ஆஸ்டின் டவுனில் இருந்து வரும் ஒரு பெண். ஆறு மாதத் தகுதிகாண் காலத்தின் கடைசி மாதம். இந்தப் படம் சரியாகப் போனால் வேலை நிரந்தரம் என்று முதலாளி சொல்லியிருந்தார். ஏற்றுமதிக்கு முன் என் மேஜைக்கு வந்தார்.

"சார், ஸ்ட்ரெய்ட்டா அனுப்பணுமா, ப்ரீமல்டிப்ளைடா? தாள்ல போடலையே."

ஸ்ட்ரெய்ட் என்றால் நிறம் கலக்காமல் அப்படியே இருக்கும். ப்ரீமல்டிப்ளைடு என்றால் ஓரங்களின் நிறத்தில் கறுப்பு ஏற்கெனவே கலந்திருக்கும். இரண்டும் சரிதான். எப்படி அனுப்பினோமோ அப்படியே எதிர்ப்பக்கம் திறக்கவேண்டும், அவ்வளவுதான். இது எனக்குத் தெரியாததல்ல.

"தாள்ல இல்லேன்னா அது முக்கியமில்லைன்னு அர்த்தம்மா," என்றேன்.

"நீங்க சொன்னா சரி சார்."

ப்ரீமல்டிப்ளைடாக அனுப்பினார். என் விதிப்படி கறுப்புப் பின்னணியில் ஓட்டிப் பார்த்தேன். நுரையும் துளிகளும் பளிச்சென்று இருந்தன. கையெழுத்துப் போட்டேன்.

அந்த நிறுவனத்தார் அதை ஸ்ட்ரெய்ட் என்று எடுத்துக்கொண்டு, வெயில் அடிக்கும் வெள்ளைச் சுவரின்மேல் வைத்தார்கள். ஒவ்வொரு துளியைச் சுற்றியும் கறுப்புக் கோடு. நுரையின் ஓரமெல்லாம் அழுக்கு. பெங்களூருத் தெருவெள்ளத்துக்கு அது பொருந்தத்தான் செய்தது. ஆனால் பெரிய அதிகாரிகள் உட்கார்ந்த முன்காட்சி அது. வேலையை வேறு ஸ்டுடியோவுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் முதலாளி வந்து நின்றார். "சார், யார் தப்புன்னு மதியத்துக்குள்ள எழுத்துல வேணும்."

'ஓரங்களில் கறுப்பு கலந்த ஃபைல். ஏற்றுமதி அமைப்பில் வரைந்தவரின் கவனக்குறைவு' என்று எழுதிக் கொடுத்தேன். அரசு வேலையில் இதைவிட நீளமாக எழுதியிருக்கிறேன். சுருக்கமாக எழுதியதில் ஒரு திருப்திகூட இருந்தது.

பிறகுதான் ஃபைலைத் திறந்தேன். வெள்ளைச் சுவரின்மேல் வைத்தேன். கோடு தெரிந்தது. அமைப்பில் ஸ்ட்ரெய்ட்டை எடுத்துவிட்டு, 'ப்ரீமல்டிப்ளைடு, கறுப்போடு' என்று மாற்றினேன். கோடு போய்விட்டது. தண்ணீர் தண்ணீராக இருந்தது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கறுப்பின்மேல் வைத்துப் பார்க்கிறவனுக்குக் கறுப்புக் கோடு எப்படித் தெரியும்?

முதலாளியிடம் ஓடினேன். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"பிடி சார். அந்தப் பொண்ணு தப்புன்னு அவங்ககிட்ட சொல்லியாச்சு. இப்ப போய் செக் பண்ணவர் தப்புன்னு சொன்னா, அடுத்த வேலை கொடுப்பாங்களா? நீங்களே சொல்லுங்க."

பிடி என்றால் கன்னடத்தில் விட்டுவிடு. விட்டுவிட்டேன்.

அடையாள அட்டையைத் திருப்பித் தர வந்தபோது அந்தப் பெண் என் மேஜையருகே நின்றார்.

"நான் கேட்டேன் இல்ல சார்?"

"கேட்டீங்க."

"அதை அந்த ரிப்போர்ட்ல போட்டீங்களா?"

கேட்டுவிட்டுப் படி இறங்கிவிட்டார்.

அன்றே தாளில் ஒரு வரி சேர்த்தேன்: ஆல்ஃபா ஸ்ட்ரெய்ட்டாக இருக்கவேண்டும், வெள்ளை, கறுப்பு இரண்டின் மேலும் வைத்துப் பார்க்கவேண்டும். இரண்டாம் பதிப்பு என்று எண் கொடுத்துக் கையெழுத்திட்டேன். ரிப்போர்ட்டுக்கு இரண்டாம் பதிப்பு போடவில்லை.

இரண்டு மாதம் கழித்து வேறொரு கம்பெனியில் இருந்து மெயில் வந்தது. அந்தப் பெண்ணை வேலைக்கு எடுக்கப் போகிறார்களாம். உடன் வந்த படிவத்தில், விலகிய காரணத்தை எழுத ஒரு கட்டம் இருந்தது. முதலாளி எனக்கு அனுப்பி, "ஃபைல்ல இருக்கறதை எழுதிடுங்க சார்" என்றார்.

உண்மையை எழுதினால் கையெழுத்து என்னுடையது, தப்பும் என்னுடையது. அரைமணி நேரம் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஃபைலில் இருந்ததை எழுதினேன்: வரைந்தவரின் கவனக்குறைவு.

அவரை எடுத்தார்களா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கும்படி எந்த விதியும் இல்லை.