அரிசியும் சம்பளம்தான்

எழுத்து எனக்குக் கைவராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நடந்ததில் பாதி மறந்தும் போய்விட்டது. முன்னுக்குப் பின் வந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் தமிழ்நாட்டிலிருந்து டொராண்டோ வந்தது தொண்ணூறுகளின் கடைசியில். என் வீட்டுக்காரர் ஒரு சைவ ஓட்டலுக்குத் தலைமைச் சமையல்காரராக வந்தார். அவருக்கு வேலை செய்ய அனுமதிக் காகிதம் இருந்தது. எனக்குக் கொடுத்தது விசிட்டர் காகிதம். அதில் ஒரு வரியைக் காட்டி, "நீ எங்கேயும் வேலைக்குப் போகக் கூடாதுன்னு போட்டிருக்கு" என்றார். "போகத் தெரிஞ்சா தானே" என்று நான் சிரித்தேன்.

டோர்செட் பார்க் என்ற பகுதியில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒன்பதாவது மாடி. அவர் காலை ஒன்பதுக்குப் போனால் திரும்பும்போது நான் தூங்கியிருப்பேன். பகலெல்லாம் லிப்ட் ஏறி இறங்கும் சத்தம்தான் துணை. எங்கள் மாடியில் அது நின்றால் யாரோ என்று காது கொடுப்பேன். யாரும் எங்கள் கதவுக்கு வருவதில்லை. சில நாட்களில் சாயங்காலம் ஆகும்போது, காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லையே என்று தோன்றும். குரல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு தடவை இருமிக்கொள்வேன்.

ஆறாவது மாடியில் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். பொட்டலம் கட்டும் ஃபேக்டரியில் வேலை. துணி துவைக்கும் அறையில் பழக்கம். ஒருநாள் அவசரமாக வந்து, "அக்கா, பிள்ளை பாக்கிற மனிசிக்குச் சுகமில்லையாம். இண்டைக்கு மட்டும் வச்சிருக்கிறியளோ?" என்றாள். இரண்டரை வயதுப் பெண் குழந்தை. மூக்கு ஒழுகிக்கொண்டு என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டது. அந்த ஒருநாள் எட்டு மாதமாக நீண்டது.

அவள் காசு நீட்டினாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். வேலை செய்யக் கூடாது என்ற வரி எனக்கு மறக்கவில்லை. அதனால் அவள் வெள்ளிக்கிழமைதோறும் பொருளாகக் கொண்டு வந்து வைத்தாள். அரிசி மூட்டை, தேங்காய்ப்பால் டின், ஒரு தடவை குளிர்கோட்டு. காசு வாங்கினால்தான் குற்றம், சாமான் வாங்கினால் அக்கம்பக்கத்துப் பழக்கம் என்று நான் நினைத்திருந்தேன். என் வீட்டுக்காரரும் அப்படித்தான் நினைத்தார். அந்த அரிசியில்தான் அவருக்கே சோறு.

விசிட்டர் காகிதத்தை நீட்டிக்க வேண்டிய சமயம் வந்தது. விண்ணப்ப ஃபாரம் நிரப்பித் தருவதற்குத் தமிழர்களுக்கு உதவும் ஓர் அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்த யாழ்ப்பாணத்து அண்ணை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்: "அக்கா ஏதும் வேலை செய்யிறவவோ?"

"இல்லீங்க. வீட்டோடதான் இருக்கா" என்றார் இவர்.

எனக்குப் பொய் வராது. "ஒரு புள்ளையப் பாத்துக்கிறேங்க. காசு தொட்டதில்ல. அரிசிதான் தருவாங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "எத்தினை நாளாய்?"

"எட்டு மாசமா."

"அக்கா, சட்டத்துக்குக் காசு, அரிசி எண்டு வித்தியாசம் இல்லை. பெறுமதியான எதை வாங்கினாலும் அது வேலைதான். உது சம்பளம்தான்."

"சமைச்சுச் சாப்பிட்டாச்சுங்களே" என்றேன். பயத்தில் வாயில் வந்தது அதுதான்.

அவர் சிரித்துவிட்டார். "சாப்பிட்டதை என்ன செய்யிறது! இனிமேல் வாங்காதேங்கோ. இல்லாட்டி உங்களுக்கு மட்டுமில்லை, ரெண்டு பேருக்கும் கரைச்சல் வரலாம்."

"சும்மா பாத்துக்கிட்டா?"

"எப்பவாவது ஒரு நாள் உதவி எண்டால் பரவாயில்லை. கிழமைக்கு அஞ்சு நாள், நாள் முழுக்க எண்டால், அது இஞ்சை ஒருத்தி காசுக்குச் செய்யிற வேலை. அதிலும் கேள்வி வரும்."

அன்றே ஆறாவது மாடிக்குப் போய்ச் சொன்னேன். அரிசி வேண்டாம், குழந்தையை மட்டும் விடு, யார் கேட்டாலும் உறவு என்று சொல்லிக்கொள்ளலாம் என்று கெஞ்சினேன். அவள் தலையை ஆட்டினாள். "ஐயோ அக்கா, என்ரை பிள்ளையாலை உங்களைத் திருப்பி அனுப்பினால் நான் எந்த முகத்தோடை இருப்பன்? சும்மா விடவும் எனக்கு மனம் வராது."

அடுத்த வாரமே மல்வேர்ன் என்ற தூரத்துப் பகுதியில் ஒரு அம்மாவிடம் குழந்தையை விட்டாள். இருட்டோடு பஸ் ஏற வேண்டும். நான் ஜன்னலில் நின்று பார்ப்பேன். நான் பின்னிக் கொடுத்த சிவப்புத் தொப்பி கீழே சின்னப் பொட்டாகத் தெரியும். பஸ் வந்து எடுத்துக்கொண்டு போய்விடும். பிறகு லிப்ட் சத்தம்.

குளிர் முடியுமுன் அந்த அண்ணை போன் செய்தார். சட்டம் மாறியிருக்கிறது, கைத்தொழில் தெரிந்தவர்களாக வேலைக்கு வந்தவர்களின் மனைவிக்கு ஒரு முதலாளி பெயர் போடாமலே, எங்கேயும் வேலை செய்யும்படி காகிதம் கிடைக்கலாம், தலைமைச் சமையல்காரர் அதில் வருவார் என்றார். "வீட்டிலை இருந்தே உழைக்கலாம் அக்கா. கணக்குக் காட்டி வரி கட்ட வேணும், அவ்வளவுதான்." விண்ணப்பத்தைத் தபாலில் வேறு மாகாணத்துக்கு அனுப்பினோம், அதைப் பார்க்கும் அலுவலகம் அங்கேதானாம். அதில் மருத்துவச் சோதனை பற்றிக் கேட்டிருந்ததற்கு, ஊரிலேயே எடுத்தாயிற்றே, இன்னொன்று எதற்கு என்று இவர் விட்டுவிட்டார்.

காகிதம் வந்த அன்று செருப்பு மாட்ட மறந்து ஆறாவது மாடிக்கு ஓடினேன். அவள் வாசித்தாள். முதலில் முகம் மலர்ந்தது. பிறகு விரல் ஒரு வரியில் நின்றது.

"அக்கா, எந்த வேலையும் செய்யலாம் எண்டு கிடக்கு. ஆனால் பிள்ளை பராமரிப்பு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி வேலை செய்யேலாதாம்."

"எல்லாம் செய்யலாம், இது மட்டும் கூடாதா?"

"ஓம் அக்கா. அதுதான் எழுதியிருக்கு."

பிள்ளைகளோடும் நோயாளிகளோடும் வேலை செய்ய மருத்துவச் சோதனை வேண்டுமாம்; ஊரில் எடுத்தது காலாவதியாகியிருந்தது. அவர்கள் பட்டியலில் உள்ள டாக்டரிடம் புதிதாக எடுத்தால் அந்த வரியை நீக்குவார்களாம். போனேன். நெஞ்சுப் படம், இரத்தம், எல்லாம். மறுபடி தபால், மறுபடி காத்திருப்பு. அதற்குள் வேலைக்கும் வரிக்கும் வேண்டிய எண் அட்டை வாங்கிக்கொண்டேன். ஒன்பதில் தொடங்கும் எண். தற்காலிகமாக இருப்பவர்களுக்கு அப்படித்தான் கொடுப்பார்களாம். இன்னும் ஒப்பிப்பேன்.

புதுக் காகிதம் ஆகஸ்டில் வந்தது. இந்தத் தடவை அந்த வரி இல்லை. காகிதம் சரியானால் என்னிடமே விடுவதாகச் சொல்லியிருந்தாள், அப்படியே குழந்தையைக் கூட்டி வந்தாள். "செப்ரெம்பரிலை பள்ளிக்கூடம் தொடங்குது அக்கா. அரை நாள்தான். மற்ற அரை நாள் உங்களோடை." செக்கில் என் பெயரை எப்படி எழுதுவது என்றும் கேட்டாள்.

குழந்தை வாசலிலேயே நின்றது. வளர்ந்திருந்தது. தாயின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு என்னைப் பார்த்தது.

"இது யாருன்னு தெரியுதாம்மா?" என்றேன்.

"எனக்கு அம்மம்மா வேணும்" என்றது. மல்வேர்ன் அம்மாவை அப்படிக் கூப்பிடுமாம்.

மூன்று நாள் பார்த்தேன். சாதம் பிசைந்து வைத்தால் வாயை மூடிக்கொள்ளும். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பஸ்ஸையே பார்க்கும். அங்கே நான் நின்றிருந்த இடம்தான் அது. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நான்காம் நாள் நானே அவளிடம் சொன்னேன்: "அங்கயே விடும்மா. அது அங்கதான் வேரு விட்டுருச்சு."

"உங்கடை பேப்பர் அக்கா?" என்றாள், கண் கலங்கி.

"அது எங்க போகுது. சட்டத்துல இடம் இருக்கில்ல."

அவள் அழுதாள். நான் அழுதது அவள் போன பிறகுதான்.

பிறகு வேறு பிள்ளைகளைப் பார்த்தேன். ஒரு நேரத்தில் இரண்டு மூன்று பேர். செக் வாங்கினேன், வரிக்கும் காட்டினேன். ஆனால் எந்தப் பிள்ளை வந்தாலும் முதல் நாளில் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்வேனே தவிர, தொப்பி பின்னவில்லை.

சட்டம் மாறியது எந்த வருஷம், அந்த வரி எந்தக் காகிதத்தில் முதலில் வந்தது என்பதெல்லாம் எனக்குச் சரியாக நினைவில்லை. அந்தக் காலத்துக் காகிதங்களை இன்னும் வைத்திருக்கும் யாராவது ஒத்துப் பார்த்து, பிசகு இருந்தால் திருத்திவிடுங்கள்.