மொட்டைமாடி வெயிலும் என் கழுத்துத் தேமலும்

எனக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகு கழுத்தில் வெளிறிய திட்டுகள் வந்தன. வெயில் பட்டால் நிறம் ஏறும் என்று அம்மா என்னைத் தினமும் மொட்டைமாடியில் உட்கார வைத்தாள். மற்ற தோல் கறுத்தது. திட்டுகள் கறுக்காமல் இன்னும் பளிச்சென்று தெரிந்தன. "வெண்குஷ்டம்தான்!" என்று அம்மா அழுதாள். எனக்குக் கோபம்தான் வந்தது.

செய்தி மாப்பிள்ளையின் அம்மாவுக்கு எட்டியது. "டாக்டரே சொல்லட்டும்" என்று அந்த அம்மாளும் எங்களோடு தண்டு என்கிற எங்கள் பட்டாளக் குடியிருப்பின் ஆஸ்பத்திரிக்கு ஜட்கா வண்டியில் ஏறிவிட்டாள்.

டாக்டரம்மா கண்ணாடித் துண்டின் விளிம்பால் ஒரு திட்டைச் சுரண்டினார். தவிடு போலச் செதில் உதிர்ந்தது. "வெண்குஷ்டம்னா சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, வழவழன்னு இருக்கும். இப்படி உதிராது" என்றார். செதிலை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்.

"பூஞ்சைக் காளான் தெரியுது. வெறும் தேமல்மா. வெயில்ல, திட்டைச் சுத்தியிருக்கற தோல்தான் கறுத்திருக்கு. கந்தகக் களிம்பு தடவுங்க. காளான் செத்தாலும் நிறம் திரும்பச் சில மாசம் ஆகும்."

அம்மா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். கிளம்ப எழுந்தோம். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் எழவில்லை. கதவைச் சாத்தச் சொல்லி, ரவிக்கையைத் தளர்த்தி முதுகைக் காட்டினாள்.

"இதையும் கொஞ்சம் சுரண்டிப் பாருங்க டாக்டரம்மா. பல வருஷமா பயந்து மூடியே வெச்சிருக்கேன்."

முதல் சுரண்டலிலேயே செதில் உதிர்ந்தது. அறையே சிரித்தது. தாலி ஏறுவதற்கு முன்பே மாமியார் முதுகில் களிம்பு தடவிய மருமகள் தண்டில் நான் ஒருத்திதான் இருப்பேன்.