ஜன்னத் பீவியின் பெயர்மேல் விழுந்த கோடு

கூத்தாநல்லூரில் டிடிபி கடை வைத்திருக்கும் ஃபஹ்மிதா கீபோர்டைத் தட்டினால் எதிர்க்கடைப் புரோட்டாக் கல்லே சத்தத்தை அடக்கிக்கொள்ளும். பழைய கடிதமென்றால் உள்ளது உள்ளபடிதான் கணினியில் ஏற்றுவாள்.

அந்தக் கண்டிப்புதான் வம்பாயிற்று. குடும்ப மலருக்காக உபைதுல்லா, காலஞ்சென்ற தன் அத்தா பம்பாயிலிருந்து எழுதிய இன்லண்ட் லெட்டரைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். ஃபஹ்மிதா ஏற்றியதைச் சரிபார்க்க வந்த, தந்தையின் தங்கையான அவன் மாமி ஜன்னத் பீவிக்கு முகம் சுருங்கிவிட்டது. அண்ணன் சலாம் சொன்ன தங்கைகளில் அவர் பெயரின் குறுக்கே மட்டும் கோடு; படத்தில் இருந்தபடியே ஃபஹ்மிதா அதையும் போட்டிருந்தாள்.

“என்னைய மட்டும் வேணாம்னுட்டாரு. இந்த மலர் எனக்கெதுக்கு?”

ஃபஹ்மிதா படத்தைப் பெரிதாக்கினாள். கோடு பெயரோடு நிற்காமல் மடிப்பை ஒட்டித் தாளின் இரு ஓரம்வரை ஓடியது. பின்பக்க எழுத்தும் தலைகீழாகத் தெரிந்து குழப்பியது. உடனே உபைதுல்லாவுக்குப் போன் செய்தாள்.

“அண்ணே, இன்னொரு படம் எடுங்க. தாளுக்கடியில கறுப்பு அட்டை வைங்க. வெளிச்சம் இந்தத் தடவை எதிர்ப்பக்கத்துலேருந்து விழட்டும்.”

புதுப் படத்தில் பின்பக்க எழுத்து மங்கியிருந்தது. கோடு பெயரைவிட்டு மடிப்பின் மறுபுறம் போயிருந்தது.

“மையா இருந்தா நகராது பெரியம்மா. இது மடிப்போட நிழல்.”

பெயருக்கடுத்து மறைந்திருந்ததும் இப்போது படிக்க முடிந்தது: ‘ஜன்னத்தை வாயைக் குறைக்கச் சொல்லவும்.’

ஜன்னத் பீவி கடை அதிரச் சிரித்தார்.

“மத்தவளுகளுக்கு வெறும் சலாம். எனக்குத்தான் தனியா ஒரு வரி. அதைக் கொஞ்சம் பெரிய எழுத்துல போடு புள்ள.”