மைனஸ் 920 யூனிட் செலவழித்த வீடு

செருப்புக்கடையில் இருபது வருடமாக நிற்பவர் அவர். வாசலில் வருகிறவரின் காலைப் பார்த்தே ஏழா எட்டா என்று சொல்லிவிடுவதால் ஊரில் அவருக்கு 'சைஸ் சார்' என்று பெயர். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே ஒரு கால் வந்தால் யோசிக்காமல் பெரியதை எடுத்துப் போடுவார். விரலைக் கடிக்காது, மாற்றித் தரச்சொல்லி ஆளும் திரும்பி வரமாட்டார். வாழ்க்கையில் மீதி விஷயங்களையும் அவர் இப்படித்தான் தீர்த்துவந்தார். மின்சார மீட்டர் மட்டும் ஒத்துழைக்கவில்லை.

மீட்டர் பார்க்க ஆள் வருவது நின்றுபோய், மாதாமாதம் நீங்களே படம் எடுத்து அனுப்புங்கள், பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் என்று மின்சார அலுவலகம் சொல்லிவிட்டது. அவர் வீட்டு மீட்டரோ பழைய காலத்தது. நாலு சின்ன வட்டம், ஒவ்வொன்றிலும் பூஜ்யம் முதல் ஒன்பது வரை எண், நடுவே ஒரு முள். ஒரு முள் வலப்பக்கமாகச் சுற்றினால் அடுத்தது இடப்பக்கமாகச் சுற்றும்; கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி.

ஒரு மாதம் முன்பு கடைசியாக வந்த ஆள் 4682 என்று அட்டையில் எழுதிவைத்திருந்தார். சைஸ் சார் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தார். நூறு, பத்து, ஒன்று ஆகிய வட்டங்களில் 9, 3, 1, சந்தேகமே இல்லை. ஆயிரம் வட்டத்தில்தான் முள் நாலைவிட்டு வெகுதூரம் வந்து ஐந்தை ஒட்டி நின்றது. பெரியதை எடுத்தார். 5931. கழித்ததில் 1249 யூனிட்.

மாதத்துக்கு இருநூற்றைம்பதைத் தாண்டாத வீடு அது. மனைவியின் தம்பி பின்னறையில் உட்கார்ந்து பழைய ரேடியோக்களைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், நீ ரேடியோ ரிப்பேர் பண்றியா, ரயில் ஓட்டுறியா?"

அவனும் படத்தை வாங்கிப் பார்த்தான். "அஞ்சுதான் அத்தான்," என்றான், தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டு.

"அப்ப ஒரு மாசம் டைம். குறையலேன்னா வேற இடம் பாத்துக்க."

"என் தம்பி போனா நான் வாய மூடிட்டு இருப்பேன்னு நினைக்காதீங்க," என்றாள் மனைவி. அவள் வாய் அதுவரை மூடியிருந்ததாக யாருக்கும் நினைவில்லை.

அந்த மாதம் வீடு இருண்டது. ஃப்ரிட்ஜ் துணி அலமாரியானது. பின்னறையில் பல்பையே கழற்றிவிட்டார்கள். மச்சான் ரேடியோவை ஜன்னலோரம் வைத்து, வெயில் நகர நகரத் தானும் நகர்ந்து வேலை பார்த்தான்.

மாதம் முடிந்தது. படம் எடுத்தார்கள். 5011.

சைஸ் சார் கழித்தார். கழியவில்லை. திருப்பிப் போட்டுக் கழித்தார். மைனஸ் 920.

"என்னடா பண்ணின?" என்றார், குரலைத் தாழ்த்தி. "கரண்டைத் திருப்பி உள்ள அனுப்பிட்டியா?"

"ரேடியோவுல இருந்தா அத்தான்?"

"மீட்டர்ல கை வெச்சான்னு எழுதுவாங்க. ஆபீஸ்ல கேக்கறதுக்குள்ள நீ பையைக் கட்டு."

அக்காவைப் பார்த்தபடி அவன் பையைக் கட்டினான். அக்கா கணவரைப் பார்த்த பார்வையில் அவர் குடையை எடுத்துக்கொண்டு, மழையே இல்லாத வெயிலில், மின்சார அலுவலகத்துக்குப் போனார்.

கவுண்டரில் இருந்த அம்மா இரண்டு படத்தையும் பார்த்தார்.

"முதல் படத்துல நூறு வட்டத்து முள் எங்க இருக்கு?"

"ஒன்பதைத் தாண்டி."

"அது சுத்தி பூஜ்யத்துக்கு வந்தாத்தான் பக்கத்துல ஆயிரம் அஞ்சாகும். அதுவரைக்கும் நாலு. இது 4931."

"ரெண்டாவது படத்துலயும் ஆயிரம் வட்டத்து முள் கிட்டத்தட்ட அதே எடத்துலதானே நிக்குது?"

"அதுல நூறு முள் பூஜ்யத்தைத் தாண்டியாச்சு. அதனால அஞ்சு. 5011 சரி."

"எங்க கடையில நடுவுல நின்னா பெருசத்தான் குடுப்போம்."

"மீட்டர் நடக்கப்போறதில்ல சார். முள் ரெண்டு எண்ணுக்கு நடுவுல நின்னா சின்னதை எடுங்க. ஒன்பதுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவுல மட்டும் ஒன்பது."

போன மாதம் 249. இருண்ட மாதம் 80. திருடனும் இல்லை, மின்நிலையமும் இல்லை. சைஸ் சாருக்கு இரண்டிலுமே கொஞ்சம் ஏமாற்றம்தான்.

வீட்டு வாசற்படியில் மச்சான் பையோடு உட்கார்ந்திருந்தான். மன்னிப்புக் கேட்பது அந்த வீட்டில் வழக்கமில்லை. சைஸ் சார் தொண்டையைச் செருமினார்.

"நாலுதானாம். இருநூத்தி நாப்பத்தொம்பது."

"அதுல என் தம்பி எவ்வளவு?" என்றாள் மனைவி உள்ளிருந்து.

"அதெப்படித் தெரியும்? ஒரே மீட்டர். ஆள் ஆளாப் பிரிச்செல்லாம் காட்டாது."

"அப்ப நீங்களும் பிரிக்காதீங்க."

சைஸ் சார் மச்சானின் பையைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனார். ஸ்டூல் போட்டு ஏறி, பல்பைத் திருகி, ஸ்விட்சைப் போட்டார். உச்சிவெயில் ஜன்னல் வழியே கொட்டிக்கொண்டிருந்தது.

"பகல்ல எதுக்கு அத்தான் லைட்டு?" என்றான் மச்சான்.

"எரியட்டும்டா," என்றார் சைஸ் சார், ஸ்டூலைவிட்டு இறங்காமல்.