பகவதி குறுக்கே பேசிய பதிவு

குற்றாலலிங்கம் அண்ணாச்சி திருவனந்தபுரம் தம்பானூரில் ஓட்டல் ஒன்றில் பாதி ஆயுளைத் தோசைக்கல்லின் முன் நின்றே கழித்தவர். கரமனையில் என் எதிர்வீட்டுக்காரர். மனைவி பகவதி போன ஐப்பசியில் தவறிய பிறகு யாரிடமும் அதிகம் பேசுவதில்லை.

அவரைத் தேடி ஆர்யா என்றொரு மாணவி வந்தாள். கல்லூரியில் வாய்மொழி வரலாற்றுத் திட்டமாம். ஆயுத பூஜைக்கு ஓட்டல்களில் என்னவெல்லாம் செய்தார்கள் என்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டுமாம். சம்மதப் படிவத்தை நீட்டினாள். அண்ணாச்சி அதை வாங்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பு இதே கல்லூரிப் பையன்கள் எடுத்த பதிவைக் கொண்டுவந்தால்தான் பேசுவேன் என்றார்.

காரணம் எனக்குத் தெரியும். அன்று நானும் அங்கே இருந்தேன். ஓட்டலுக்கு மாவரைத்த கதையை அண்ணாச்சி அளந்துகொண்டிருக்க, அடுக்களையிலிருந்து பகவதியக்கா திருத்திக்கொண்டே இருந்தார். மழைக்காலத்தில் உளுந்தைக் குறைக்க வேண்டும் என்றார். பூஜைக்கு மாலை போட்டது தோசைக்கல்லுக்கு இல்லை, ஆட்டுக்கல்லுக்கு என்றார். உண்மைதான், பல வருஷம் வீட்டில் மாவாட்டிக் கொடுத்தது அவர்தானே. அவருடைய குரல் வேறு எதிலும் பதிவாகவில்லை. அண்ணாச்சி கேட்டது அந்தக் குரலைத்தான்.

ஆர்யா ஒரு வாரம் அலைந்தாள். அசல் பதிவில் கை வைக்கக் கூடாது, இரண்டு இடத்தில் நகல் வைக்க வேண்டும், பேசியவருக்கு ஒன்று கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் வகுப்பில் சொல்லித்தரும் பாடம்தான். ஆனால் பதிவெடுத்த ஸ்ரீஜித் போனில் இடமில்லையென்று அசலை அழித்துவிட்டான். கல்லூரிக் கம்ப்யூட்டரில் இருந்தது வெட்டி ஒட்டிய ஆறு நிமிஷம் மட்டும். பின்னணிச் சத்தம் என்று அக்காவை முழுக்கத் துடைத்திருந்தார்கள். அவள் சொல்லிக் கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிக்ஸி சத்தமும் அந்த மனுஷி பேச்சும் இவர்களுக்கு ஒன்றா?

அண்ணாச்சி வீட்டில் வந்து உட்கார்ந்து, தலை குனிந்தபடி ஆர்யா அதைப் போட்டாள். அண்ணாச்சி குரல் மட்டும் கேட்டது. உளுந்துக் கணக்கைச் சொன்னார். அக்கா குறுக்கிட்ட இடத்தில் வெறும் மௌனம். பிறகு பதிவில் அவரே, "ஆமா, அவ சொல்றதுதான் செரி" என்று சிரித்தார்.

"அந்த இடத்த ஒருக்கா கூடப் போடு மோளே."

மறுபடி போட்டாள். அவர் காதைப் போனுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டார். மூன்றாம் முறை போடச் சொல்லவில்லை.

மன்னிக்க வேண்டும் என்று ஆர்யா அழுதாள். இந்தத் தடவை ஒரு சத்தத்தைக்கூட வெட்டாமல் வைப்பதாகவும், அக்கா சொன்னதையெல்லாம் அண்ணாச்சி வாயாலேயே சொல்லிப் பதிந்துவிடலாம் என்றும் கெஞ்சினாள். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அவள் முன்னால் வைத்திருந்த படிவத்தை அண்ணாச்சி எடுத்து அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"வேண்டாம் மோளே. நான் தப்பாச் சொன்னா திருத்த இப்ப ஆளில்ல."