கடைசி வரிக்கு மேலே

எங்கள் கம்பெனியில் நோட்டீஸ் போர்டை யாரும் மேலிருந்து படிக்க மாட்டார்கள். இங்கிலீஷில் அரைப் பக்கம் இருக்கும். சட்டம், பிரிவு, விதி என்று ஏதேதோ ஓடி, விஷயம் கடைசி வரியில்தான் வரும். ஓவர்டைம் உண்டு, ஓவர்டைம் இல்லை, நாளைக்கு ஷிப்ட் மாறுது, மாறலை. அதனால் ‘கடைசி வரியைப் படிப்பா’ என்பதுதான் எங்கள் வழக்கம். வருஷக்கணக்காக அப்படியே பிழைத்தோம். அதுவே எங்கள் கழுத்தை அறுக்கும் என்று யாருக்குத் தெரியும்?

எண்பதுகளின் தொடக்கம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் வேலை எனக்கு. மண்ணூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் வருவேன். என் மகள் உதடு பிளந்து பிறந்தாள். வயிற்றில் பிள்ளையோடு கிரகணத்தில் நான் எதையோ நறுக்கினேனாம், அதனால்தானாம் என்றது ஊர். கிரகணத்தன்று நான் பொது ஷிப்டில் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்? பால் குடிக்கத் தெரியாத பிள்ளைக்கு ஸ்பூனில் சொட்டுச் சொட்டாக ஊற்றி வளர்த்தவள் நான். பேச வந்தவர்களில் ஒருத்திகூட அந்த ஸ்பூனைக் கையில் வாங்கியதில்லை.

சென்னை பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்தார்கள். தாய் கூடவே இருக்க வேண்டும், பத்து நாளாவது ஆகும் என்றார் டாக்டர். அந்தத் தேதியை விட்டால் மறுபடி வரிசையில் கடைசியில்தான் நிற்க வேண்டும். மூன்று வாரத்துக்கு முன்பே சம்பளத்தோடு லீவு கேட்டு எழுதிக் கொடுத்தேன். லீவு இல்லாமல் அத்தனை நாள் நின்றால் பெயரை எடுத்துவிடுவார்கள். என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

பதிலாக ஒரு கடிதம் வந்தது. நான் பத்தாவது பாஸ். ஒவ்வொரு எழுத்தும் படிக்க வந்தது, ஒரு வரியும் புரியவில்லை. குவாலிஃபையிங் பீரியட் என்று ஒன்று, ரெக்கனபிள் சர்வீஸ் என்று ஒன்று, அக்ரூ என்று ஒன்று. பரீட்சையில் கேட்ட எந்தப் பாடத்திலும் இவை இல்லை.

யூனியன் செயலாளரிடம் காட்டினேன். மெஷின் ஷாப்பில் ஃபிட்டர், நல்ல மனுஷன், எங்களுக்காக இரண்டு முறை சஸ்பெண்ட் ஆனவர். அவரும் எங்களில் ஒருவர்தானே, கண் நேராகக் கடைசி வரிக்குப் போனது. பிரசவ லீவு நாட்களுக்கு லீவு அக்ரூ ஆகாது என்று இருந்தது. “இல்லேன்னு எழுதிட்டான்மா” என்றார். போன வருஷம் பிரசவத்துக்காக நின்ற பன்னிரண்டு வாரத்தைக் கழித்துவிட்டார்கள், இருநூற்று நாற்பது நாள் வேலை செய்தால்தான் இந்த வருஷம் லீவு, எனக்கு அவ்வளவு வராது என்று விளக்கினார்.

பக்கத்து சீட்டில் காயில் சுற்றும் மணிமங்கலத்து அக்கா தலையை ஆட்டினாள். “எனக்கும் இதே மாதிரிதான் குட்த்தானுங்க. புள்ள பெத்த வருசத்துக்கு லீவு கெடியாது மே. வுடு.” அவளுடைய சின்னவன் பிறந்த மறு வருஷம் அவள் அம்மா மஞ்சள்காமாலையில் படுத்திருக்கிறாள். லீவு கேட்டு, இப்படி ஒரு கடிதம் வாங்கி, அதன் கடைசி வரியை யாரோ படித்துச் சொல்ல, வேலை போய்விடும் என்று பயந்து அவள் போகவில்லை. ஷிப்டின் நடுவில்தான் சாவுச் செய்தி வந்ததாம். அதைச் சொல்லும்போதும் அவள் கை கம்பியை விடவில்லை.

வீட்டில் என் கணவர், தேதியைத் தள்ளிப் போடலாமா என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளை பெற்றதற்குத் தண்டனையா? வேலை போனால் போகட்டும், போகிற போக்கில் அந்த பர்சனல் ஆபீசர் வாயாலேயே அதைத் தமிழில் சொல்ல வைத்துவிட்டுப் போகிறேன் என்று மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவர் அறைக்குள் போனேன். உட்காரச் சொல்லவில்லை. கடிதத்தை மேஜையில் வைத்து, தமிழில் படித்துச் சொல்லுங்கள் சார் என்றேன்.

“உனக்கு லீவு இருக்குன்னுதானம்மா எழுதியிருக்கு” என்றார்.

எங்கே சார் என்றேன். அவர் சலிப்போடு விளக்கினார். குவாலிஃபையிங் பீரியட் என்றால் லீவுக்குத் தகுதி வர வேண்டிய அந்த இருநூற்று நாற்பது நாள். பிரசவ லீவு பன்னிரண்டு வாரமும் ரெக்கனபிள், அதாவது அந்தக் கணக்கில் வேலை செய்த நாளாகவே சேரும். சேர்த்தால் நான் தாண்டிவிட்டேன். அக்ரூ ஆகாது என்பது வேறு. இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் லீவு ஊறும். அந்தப் பன்னிரண்டு வாரத்துக்கு மட்டும் ஊறாது. நான் நிஜமாக வேலை செய்த நாட்களுக்கு எட்டு நாள் ஊறியிருந்தது. இடையில் வரும் இரண்டு ஞாயிறும் அதில் சேராது, ஆகப் பத்து நாள் சரியாக வரும். லீவு கார்டைக் கொண்டுவந்து தேதி போட்டுக்கொள் என்று இரண்டாவது வரியிலேயே இருக்கிறதாம்.

“இதை ‘உனக்கு எட்டு நாள் லீவு உண்டு’ன்னு எழுதினா இன்னா சார்?”

தெளிவாகத்தானே எழுதியிருக்கு என்றார். அந்த மேஜையைப் புரட்டிப் போடலாம் போல இருந்தது. யாருக்குத் தெளிவு? எழுதியவனுக்கும் டைப் அடித்தவனுக்கும். அக்காவின் பெயரைச் சொல்லி, அவளுக்கும் இதே கடிதம்தானே கொடுத்தீர்கள் என்று கேட்டேன். ரிஜிஸ்டரைப் புரட்டினார். ஆமாம், அவளுக்கும் இருந்தது, எடுக்கவில்லை. “அது எங்கேயும் போகலம்மா. கேரி ஆகி இன்னும் அவ கணக்குலதான் இருக்கு.” நல்ல செய்தி சொல்கிறவர் மாதிரி சிரித்தார்.

நான் திரும்பி வந்து அக்காவிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று இன்றுவரை நான் நினைத்ததில்லை. தெரிய வேண்டும் அவளுக்கு. விஷயம் தெரிந்த யூனியன் செயலாளர் அன்று முழுக்க யார் முகத்தையும் பார்க்கவில்லை. அக்கா மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “அப்போ நான் போயிருக்கலாமா?” போயிருக்கலாம் என்றேன். அவள் அடுத்த காயிலை எடுத்து மாட்டினாள்.

என் மகளுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நான் வேலைக்குத் திரும்பிய வாரம் அக்கா தன் லீவு கார்டைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், எழுத வராது. தேதி எழுதினேன். காரணம் என்ற இடத்தில் என்ன எழுத என்று கேட்டேன்.

“அம்மாவப் பாக்கணும்னு எய்து.”

அவள் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. எழுதினேன். அம்மா செத்து நான்கு வருஷம் ஆகிறது என்று கம்பெனிக்கே தெரியும். அன்று சாவுக்குப் போக அவளுக்கு கேட் பாஸ் கொடுத்தவரே அந்த ஆபீசர்தான். கார்டை நானே கொண்டுபோய் நீட்டினேன். எதிரில் நின்று, அவர் கண் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே எதையும் படிக்காமல் கடைசி வரியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.