அரை மீட்டர் கிழக்கே நின்ற கற்கள்

நில அளவையாளனாக வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடத்தில் எனக்கிருந்த மண்டைக்கனத்தை இப்போது நினைத்தாலும் அருவருப்பாக இருக்கிறது. அதற்கு முன் எங்கள் அலுவலகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அங்கே என்னைவிட மோசமானவர்கள் இருந்தார்கள் என்ற சின்ன ஆறுதலாவது எனக்குக் கிடைக்கட்டும்.

கூலாயில் ஒரு கடைவீட்டின் மாடியில்தான் அலுவலகம். எங்கள் பாஸ் உரிமம் பெற்ற அளவையாளர். அவர் கடைசியாக எப்போது செம்மண்ணை மிதித்தார் என்று அவர் சப்பாத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும், அவ்வளவு பளபளப்பு. அந்த வருடம் ஒரு ட்ரோன் வாங்கியிருந்தார். அது எடுத்த படங்களுக்குப் பின்னணி இசை வேறு சேர்த்து வாடிக்கையாளர்களுக்குப் போட்டுக் காட்டுவார். நில அளவைக்கு எதற்கு வயலின் என்று கேட்கும் தைரியம் எங்களில் ஒருவருக்கும் இல்லை. எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்போம், சம்பளம் வாங்குகிறோமே.

செடெனாக்கில் பழைய எண்ணெய்ப்பனைத் தோட்டம் ஒன்றை ஒரு மேம்பாட்டு நிறுவனம் வாங்கியிருந்தது. அதற்கு நாங்கள் புதிய மேப் தயாரித்துக் கொடுத்திருந்தோம். கீழே ட்ரோன் படம், மேலே சிவப்பில் எல்லைக்கோடு, ஒவ்வொரு மூலைக்கும் மூன்று தசமம் வரை ஆயத்தொலைகள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. அதை நிலத்தில் சரிபார்த்துவிட்டு வரும்படி என்னை அனுப்பினார்கள்.

தோட்டத்தின் மேற்கு எல்லையை ஒட்டி ஒரு வீட்டு வரிசை இருந்தது. பழைய தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள் வாங்கிய வீடுகள். அவர்களின் சமையலறைகள் கிழக்கே, தோட்டத்தைப் பார்த்துத்தான் இருக்கும். வீட்டு நிலத்தின் பின்கோடுதான் தோட்டத்தின் எல்லைக்கோடு.

வியாழக்கிழமை காலை செயற்கைக்கோள் ரிசீவரைக் கம்பில் மாட்டி, மேப்பின் எண்களைக் கருவியில் ஏற்றி, அது காட்டிய வழியில் நடந்தேன். அது சொன்ன புள்ளியில் நின்று, கம்பு நேராக நிற்க அதன் மட்டக் குமிழியைச் சரிசெய்து, கீழே பார்த்தால் எல்லைக்கல்லுக்குப் பதில் புல். உதவிக்கு வந்த மலாய்க்காரர் மண்வெட்டியால் சுற்றிலும் கொத்தினார். கல் இருந்தது. ஆனால் என் புள்ளிக்கு அரை மீட்டர் கிழக்கே. அடுத்த கல்லும் அப்படியே. நான்கு கற்களைத் தோண்டினோம், நான்கும் கிழக்கே.

கல் பொய், திரை உண்மை என்று எனக்கு ஒரு நொடியில் முடிவாகிவிட்டது. வானத்தில் பத்துப் பதினைந்து செயற்கைக்கோள்கள் எனக்காகவே சுற்றும்போது, எவனோ வெள்ளைக்காரன் காலத்தில் புதைத்த பாசி பிடித்த கல்லை நான் மதிப்பேனா?

அந்த நேரம் ஒரு வீட்டின் பின்கதவைத் திறந்துகொண்டு ஓர் அக்கா வந்தார். செனாய் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை, அன்று அவருக்கு ஓய்வு. கையில் கரண்டியோடு நின்று கேட்டார்.

"என்ன தம்பி, எங்க வீட்டுப் பின்னாடி தோண்டுறீங்க?"

"எல்லை பார்க்கிறோம் அக்கா."

"எல்லை அந்தக் கல்லுதானே. எங்க வீட்டுக்காரர் சுவர் கட்டும்போது கல்லுக்கு ஒரு ஜாண் உள்ளே தள்ளித்தான் கட்டினாரு. தோட்டத்துல இருந்து யாரும் ஒண்ணும் சொல்லலையே லா."

நான் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். அதில் அவருக்கு என்ன புரியும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் காட்டினேன். "கல்லு நகர்ந்திருக்கு அக்கா. மேப்படி பார்த்தா உங்க குசினிச் சுவர் கம்பெனி நிலத்துல ஒரு அடி இருக்கு."

அவர் முகம் சுருங்கியது. "நல்லாப் பார்த்தியா தம்பி?"

"மில்லிமீட்டர் கணக்குல பார்க்கிற மெஷின் அக்கா இது," என்றேன். அந்தக் குரலை இன்று யாராவது என்னிடம் பயன்படுத்தினால் கன்னத்தில் ஒன்று வைப்பேன்.

மத்தியானம் பாஸிடம் சொன்னேன். அவர் கற்களைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உடனே நிறுவனத்துக்கு ஃபோன் போட்டார். மறுநாளே அந்த அக்காவின் வீட்டுக்குக் கடிதம் போய்விட்டது: எல்லை மீறிய சுவரைப் பதினான்கு நாளில் அகற்ற வேண்டும், இல்லையேல் நிறுவனமே அகற்றும். இத்தனை சுறுசுறுப்பை இவர்கள் வேறு எதிலும் காட்டி நான் பார்த்ததில்லை.

"திங்கக்கிழமை போயி அந்தப் பழைய கல்லையெல்லாம் எடுத்துட்டு, மேப் சொல்ற இடத்துல புதுசா போட்டுடு லா," என்றார் பாஸ். எல்லைக்கல்லை அப்படி இஷ்டத்துக்குப் பிடுங்குவது சட்டப்படி குற்றம். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருவரும் தெரியாத மாதிரி இருந்தோம்.

வெள்ளிக்கிழமை அறிக்கை எழுதும்போதுதான் உறுத்தியது. நான்கு கற்களின் வித்தியாசத்தையும் அட்டவணையில் தட்டினேன். கிழக்கே ஐம்பத்து மூன்று சென்டிமீட்டர், தெற்கே கொஞ்சம். நான்குமே ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே திசை. கல் நகர்வதென்றால் ஒன்றை மாடு முட்டும், ஒன்றைப் புல்டோசர் தள்ளும், ஒன்றைப் பக்கத்து வீட்டுக்காரன் ராவோடு ராவாகப் பெயர்ப்பான். ஆளுக்கொரு பக்கம் போயிருக்க வேண்டும். நான்கும் சேர்ந்து அணிவகுத்து நகராது. முதல் வருட மாணவனுக்குத் தெரிய வேண்டிய விஷயம் இது.

அங்கீகரிக்கப்பட்ட பழைய பிளானின் நகலை எடுத்தேன். அதில் தூரங்கள் லிங்க் என்ற பழைய சங்கிலிக் கணக்கில் இருந்தன. முதல் கல்லிலிருந்து இரண்டாம் கல்லுக்கு 331.4 லிங்க். மீட்டரில் 66.667. டோட்டல் ஸ்டேஷனைத் தூக்கிக்கொண்டு அன்று பிற்பகலே தோட்டத்துப் பக்கமாகப் போனேன். அந்தக் கருவிக்கு வானம் தேவையில்லை, ஒரு கல்லில் நின்று மற்றொரு கல்லை நேராக அளக்கும். 66.660 வந்தது. ஏழு மில்லிமீட்டர் வித்தியாசம். மற்ற இரண்டு தூரங்களும் பொருந்தின, கோணங்களும் பொருந்தின. ஏதோ ஒரு காலத்தில் ஒருவன் அட்டை கடிக்கக் கடிக்கச் சங்கிலி இழுத்து, நட்ட இடத்திலேயே அந்தக் கற்கள் இருந்தன.

அப்போதே அந்த அக்காவின் கதவைத் தட்டியிருக்கலாம். பத்தடி தூரம். உள்ளே தாளிக்கிற வாசனை வந்தது. முழுக்க உறுதியான பிறகு சொல்லலாம் என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் நேற்று அளந்த வாயால் இன்று மாற்றிப் பேச வெட்கம். கருவியை மடக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சனி, ஞாயிறு விடுமுறை. திங்கள் காலை சாலையோரத்தில் அரசாங்கம் அளந்து பதித்திருந்த ஒரு கட்டுப்பாட்டுப் புள்ளியில் ரிசீவரை வைத்தேன். அதன் ஆயத்தொலை பழைய முறையிலும் தெரியும், புதிய முறையிலும் தெரியும். என் ரிசீவர் புதிய எண்ணைச் சரியாகக் காட்டியது. பழைய எண்ணோடு ஒப்பிட்டால் அதே ஐம்பத்து மூன்று சென்டிமீட்டர். விஷயம் விளங்கிவிட்டது. நம் மலாய்த் தீபகற்பம் முழுவதும் வருடத்துக்குச் சில சென்டிமீட்டர் கிழக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது, வீடும் வேலியும் கல்லும் பனைமரமும் சேர்ந்துதான். நாம் ஒருவரையொருவர் விட்டு நகரவில்லை, அதனால் யாருக்கும் தெரிவதில்லை. ஆனால் பூமி முழுவதற்கும் பொதுவான எண்கள் மாறிவிடுகின்றன. அதனால்தான் இருபது வருடப் பழைய எண்களைக் கணக்கு வைத்துப் புதிய எண்களாக மாற்றிய பிறகே புதிய கருவியோடு பயன்படுத்த வேண்டும். எங்கள் அலுவலகம் எண்களை மாற்றவில்லை. பழைய எண்களை அப்படியே வைத்துவிட்டு, மேப்பின் மூலையில் விவரம் எழுதும் பெட்டியில் புதிய முறையின் பெயரை மட்டும் எழுதியிருந்தது. பெட்டியை வேறொரு வேலையிலிருந்து நகலெடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

யார் இந்த மடையன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பெட்டியைப் பார்த்தேன். 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் என் கையெழுத்து. மேப் தயாரான அன்று நாற்பது தாள் வந்திருந்தது, ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றிலும் கிறுக்கித் தள்ளியிருந்தேன்.

பாஸ் கேட்டுவிட்டுச் சிறிதும் அசையவில்லை. "எண்ணை மாத்தி வேற மேப் அனுப்பிடு. பதிப்பு இரண்டுன்னு போடு. ஏன்னு எழுத வேணாம்." பூசி மெழுகுவதற்கென்றே பிறந்தவர். நிறுவனம் கடிதத்தை வாபஸ் வாங்கியது. இரண்டு வரி, ஒரு மன்னிப்பு கிடையாது. அந்தக் கடிதத்தை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். நல்ல செய்தி கொண்டுபோகிற ஆளாக இருக்க ஆசை. என் அற்பத்தனத்துக்கு அளவே இல்லை.

செவ்வாய்க்கிழமை போனேன். வீட்டின் பின்பக்கம் சுவர் இல்லை. நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. உடைந்த செங்கலும் வெள்ளை டைல்ஸும் ஓரமாக அடுக்கியிருந்தன. சிங்க் புல்லில் கவிழ்ந்து கிடந்தது. கல் மட்டும் அதன் இடத்தில் இருந்தது.

அக்கா தார்ப்பாயை விலக்கிக்கொண்டு வந்தார். "ஞாயித்துக்கிழமை அண்ணன் தம்பிங்க எல்லாரும் வந்து உடைச்சாங்க தம்பி. கம்பெனி மெஷின் வந்தா பாதி வீடு போயிடும்னு சொன்னாங்க. நாமளே பார்த்து உடைச்சா டைல்ஸாவது மிஞ்சும்ல."

கடிதத்தை நீட்டினேன். அவர் மலாயில் இருந்த அந்த இரண்டு வரியை மெதுவாக, இரண்டு தடவை படித்தார்.

"அப்ப சுவரு எங்க நிலத்துலதான் இருந்துச்சா?"

"ஆமா அக்கா. கல்லு சரியாத்தான் இருக்கு. உங்க வீட்டுக்காரர் கட்டுனதும் சரி." அதோடு நிறுத்தியிருக்கலாம். "மேப்ல ஒரு தப்பு, அதனால மெஷின் தப்பாச் சொல்லிடுச்சு," என்றேன்.

அவர் கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபம்கூட இல்லை.

"மெஷின் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே தம்பி," என்றார். "நீதான் சொன்ன. நல்லாப் பார்த்தியான்னு உன்னைத்தான் கேட்டேன்."